சோழவந்தான் கொடிக்கால் வீட்டு வம்சாவளி: படத்தில் உள்ளது, வரி வரியாக

இது 1986-ல் இரண்டு சார்ட் தாள்களைப் பக்கவாட்டில் ஒட்டி வரைந்த வம்சாவளிப் படத்தின் எழுத்து வடிவம். படத்தைக் கண்ணால் பார்க்க முடியாத உறவினர்கள் திரைவாசிப்பான் வழியாகக் கேட்கவும், மற்றவர்கள் ஃபோனில் பெயர் போட்டுத் தேடவும் ஏற்றபடி எழுதியிருக்கிறோம். கோடுகளைக் குறிகளால் வரைந்து காட்டவில்லை. அப்படி வரைந்தால் திரைவாசிப்பான் ‘கோடு, கோடு, கோடு’ என்றுதான் படிக்கும். உள்தள்ளி எழுதினாலும் பயனில்லை, காதுக்கு இடைவெளி தெரியாது. அதனால் யார் யாருக்குப் பிள்ளை என்பதை எண்ணே சொல்லும்: 1.1.3 என்றால் 1-இன் முதல் பிள்ளைக்கு மூன்றாவது பிள்ளை.

வெளியிலிருந்து வந்த மருமகன், மருமகளுக்குத் தனி எண் கிடையாது. அவர்கள் துணையின் எண்ணுக்குள்ளேயே வருவார்கள். கணவன் மனைவி இருவருமே இந்த வம்சத்தில் பிறந்தவர்களாக இருந்தால் பிள்ளைகளுக்குத் தகப்பன் வழி எண். தாயின் பதிவில் ‘பார்க்க’ என்று அந்த எண் இருக்கும்.

படத்தில் உள்ள கோடுகள் மூன்று வகை. ஒற்றைக் கோடு பெற்ற பிள்ளை. இரட்டைக் கோடு கல்யாணம். புள்ளிக் கோடு சுவீகாரம். ஒரு கோடு இன்னொன்றைத் தாண்டும் இடத்தில் சிறு வளைவு போட்டிருக்கிறது. வளைவு இருந்தால் அங்கே சேர்க்கை இல்லை. ஆண்கள் நீல மையில், பெண்கள் சிவப்பு மையில். சிவப்பு வெகுவாக வெளிறிவிட்டது, ஜெராக்ஸில் பல பெண்கள் கட்டம் காலியாகவே தெரிகிறது. ஆகவே ஜெராக்ஸை நம்பாமல் மூலப் படத்தை நான்கு பகுதியாக, பகல் வெளிச்சத்தில் எடுத்த புகைப்படங்களிலிருந்து படித்தோம்.

கட்டங்கள் 38, ஆட்கள் 37. ஒருவர் இரண்டு கட்டத்தில் இருக்கிறார். அது மூன்றாம் தலைமுறையில் வரும்.

ஆண்டு பற்றி: நான்காம் தலைமுறையின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் தமிழ் வருஷமே எழுதியிருக்கிறது. பெயரை அப்படியே கொடுத்து, பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் சேர்த்திருக்கிறோம். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். எந்தச் சுற்று என்பதைத் தகப்பன், உடன்பிறந்தார் வயதை வைத்தே முடிவு செய்தோம்.

முதல் தலைமுறை

1. கருப்பண்ணன். கட்டத்தில்: ‘கொடிக்கால் வைத்தவர்.’ ஆண்டு இல்லை. மனைவி பேச்சியம்மாள், பிறந்த ஊர் தென்கரை. பிள்ளைகள் மூவர்: 1.1, 1.2, 1.3.

இரண்டாம் தலைமுறை

1.1 முத்தையா, மூத்த மகன். பிறப்பு தாது வருஷம் மாசி (1877). பஞ்சம் கடுமையாக இருந்த வருஷம் அது. இறப்பு 1941. இரண்டு தாரம்.
மூத்த தாரம் இருளாயி, பிறந்த ஊர் மேலக்கால். இறப்பு ‘பில.’ என்று மட்டும் இருக்கிறது. பிலவ (1901-02), பிலவங்க (1907-08) இரண்டுக்கும் இதே சுருக்கம் பொருந்தும். இளைய தாரத்தின் கட்டத்தில் ‘இருளாயி காலமானபின்’ என்றும், அவருடைய முதல் பிள்ளை 1904-05-ல் பிறந்ததாகவும் இருப்பதால் பிலவ என்றே கொள்கிறோம். இவர் பிள்ளைகள்: 1.1.1, 1.1.2.
இளைய தாரம் சிவகாமி, பிறந்த ஊர் வாடிப்பட்டி. பிள்ளைகள்: 1.1.3, 1.1.4.
படத்தில் இரு தாரத்தின் பிள்ளைகளும் ஒரே குறுக்குக் கோட்டில் தொங்குவதுபோல் தெரியும். உற்றுப் பார்த்தால் கோடு நடுவில் ஒரு விரற்கடை விட்டிருக்கிறது. அந்த இடைவெளிதான் தாய் யார் என்பதைப் பிரிக்கிறது.

1.2 வள்ளியம்மாள், மகள். கொடுத்த ஊர் குருவித்துறை. கணவர் சோலைமலை. பிள்ளைகள்: 1.2.1, 1.2.2.

1.3 குருநாதன், இளைய மகன். இறப்பு 1932. மனைவி மீனாட்சி, பிறந்த ஊர் அலங்காநல்லூர். பெற்ற பிள்ளை இல்லை. சுவீகாரப் பிள்ளை 1.1.4.

மூன்றாம் தலைமுறை

1.1.1 கருப்பண்ணன். தாய் இருளாயி. பிறப்பு விளம்பி ஆவணி (1898). தாத்தா பெயர். மனைவி ராக்கம்மாள், பிறந்த ஊர் நிலக்கோட்டை. பிள்ளைகள்: 1.1.1.1, 1.1.1.2, 1.1.1.3.

1.1.2 பேச்சியம்மாள். தாய் இருளாயி. பிறப்பு சார்வரி தை (1901). பாட்டி பெயர். கணவர் அத்தை மகன் அழகர்சாமி, பார்க்க 1.2.1. இந்த இரட்டைக் கோடு சுந்தரம், ராமலிங்கம் இருவருடைய கட்டங்களுக்கும் மேலாக நீண்டு போகிறது. வழியில் இரண்டு ஒற்றைக் கோடுகளையும் ஒரு புள்ளிக் கோட்டையும் தாண்டுகிறது. மூன்று இடத்திலும் வளைவு உண்டு. வளைவைக் கவனிக்காமல் படித்தால் பேச்சியம்மாளைச் சொந்தத் தம்பிக்குக் கட்டிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.

1.1.3 சுந்தரம். தாய் சிவகாமி. பிறப்பு ‘குரோ.’ இது குரோதி (1904-05) அல்லது குரோதன (1925-26). இவருக்கு இளையவர் 1909-ல் பிறந்திருப்பதால் குரோதிதான். மனைவி தனலட்சுமி, பிறந்த ஊர் மதுரை செல்லூர். பிள்ளைகள்: 1.1.3.1, 1.1.3.2.

1.1.4 ராமலிங்கம். தாய் சிவகாமி. பிறப்பு கீலக பங்குனி (1909). ராட்சச வருஷம் வைகாசியில் (1915) சித்தப்பா குருநாதனுக்குச் (1.3) சுவீகாரம். பெற்ற தகப்பன் முத்தையாவிடமிருந்து ஒற்றைக் கோடும், குருநாதனிடமிருந்து புள்ளிக் கோடும் இவருக்கு வருகின்றன. ஒட்டிய மடிப்பில் புள்ளிக் கோடு பாதி அழிந்துபோயிருக்கிறது. ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லை: கட்டத்தில் தலைப்பெழுத்து ‘மு.’ அல்ல, ‘கு.’ பிள்ளைகளுக்கும் குருநாதன், மீனாட்சி என்றே பெயர் வைத்திருக்கிறார். அழிந்த கோட்டுக்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. பெற்ற தகப்பன் வழியிலேயே எண் கொடுத்திருக்கிறோம். சுவீகார வழியில் தேடுபவர் 1.3-இலிருந்து இங்கே வந்துவிடலாம்.
மனைவி வள்ளியம்மாள், அக்காள் மகள், பார்க்க 1.2.1.1. இரண்டு கட்டத்தில் இருப்பவர் இவர்தான்: ஒருமுறை பெற்றோருக்குக் கீழே நான்காம் வரிசையில், இன்னொருமுறை கணவருக்குப் பக்கத்தில் மூன்றாம் வரிசையில். இரண்டிலும் பிறந்த வருஷம் ஒன்றே, ‘த/பெ அழகர்சாமி’ என்பதும் ஒன்றே. வேறு வேறு ஆளாக எண்ணிவிடக் கூடாது. இவர்களுடைய பிள்ளைகள் தகப்பன் வழியில் நான்காம் தலைமுறை, தாய் வழியில் ஐந்தாம் தலைமுறை. எண் 1.1.4.1, 1.1.4.2.

1.2.1 அழகர்சாமி. பிறப்பு துன்முகி (1896-97). ஊர் குருவித்துறை. மனைவி மாமன் மகள் பேச்சியம்மாள், 1.1.2. பிள்ளைகள்: 1.2.1.1, 1.2.1.2, 1.2.1.3.

1.2.2 பெயர் இல்லை. கட்டத்தில் உள்ளது முழுவதும்: ‘பெண். காளயுக்தி ஐப்பசி. காய்ச்சல்.’ அது 1918 அக்டோபர்–நவம்பர், நாடெங்கும் இன்ஃப்ளூயன்ஸா அலை அடித்த காலம். ஆனால் படம் காய்ச்சல் என்று மட்டும் சொல்வதால் நாமும் அதற்கு மேல் சேர்க்கவில்லை. பெயர் தெரியாத பெண்ணுக்கும் எண் உண்டு. அவரை விட்டால் உடன்பிறந்தார் கணக்கு தவறும், அதைவிட அவர் இருந்ததே மறைந்துபோகும்.

நான்காம் தலைமுறை

1.1.1.1 முத்தையா. பிறப்பு ரௌத்திரி (1920-21). மூலையில் பெருக்கல் குறி: குழந்தையிலேயே இறந்தவர்.

1.1.1.2 முத்தையா. முன்னவர் இறந்தபின் பிறந்தவருக்கு அதே பெயர். எழுத்துப் பிழையோ இரட்டைப் பதிவோ அல்ல. பிறப்பு ‘குரோ.’ தகப்பன் 1898-ல் பிறந்தவர் என்பதால் இங்கே குரோதன (1925-26). மனைவி அத்தை மகள் குருவம்மாள், பார்க்க 1.2.1.3. இந்தக் கல்யாணக் கோடு வரிசைக்கு அடியில் ஓடும்போது சிவகாமியின் (1.1.3.1) கட்டத்தின் கீழ்விளிம்பைத் தொட்டு மை கசிந்திருக்கிறது. பார்த்தால் அங்கேயே முடிவதுபோல் இருக்கும். சிவகாமி இவருக்குச் சித்தப்பா மகள், தங்கை முறை. பங்காளி வீட்டில் கல்யாணம் நடக்காது. கோடும் நிற்காமல் குருவம்மாள் வரை போகிறது, அங்கே ‘க/பெ முத்தையா’ என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள்: 1.1.1.2.1, 1.1.1.2.2.

1.1.1.3 இருளாயி. பிறப்பு 1929. கணவர் பெருமாள், கொடுத்த ஊர் திருமங்கலம்.

1.1.3.1 சிவகாமி. பிறப்பு 1930. கணவர் நடராஜன், மதுரை தெற்குவாசல்.

1.1.3.2 சண்முகம். பிறப்பு 1934. மனைவி சரோஜா, பிறந்த ஊர் உசிலம்பட்டி. பிள்ளைகள்: 1.1.3.2.1, 1.1.3.2.2.

1.1.4.1 குருநாதன். பிறப்பு 1940. மனைவி கமலா, பிறந்த ஊர் மேலூர். மகன் 1.1.4.1.1.

1.1.4.2 மீனாட்சி. பிறப்பு 1943. கணவர் பெயர் தாள் மடிப்பில் கிழிந்திருக்கிறது. தெரிவது ‘…ராஜ…’ மட்டும், ஊர் சமயநல்லூர். நாகராஜனா, ராஜாராமா, ராஜமாணிக்கமா என்று ஊகித்து நிரப்பவில்லை. மடிப்பு ஓரத்தில் வேறு வகைக் கோடு எதுவும் புதைந்திருக்கவில்லை. பிள்ளைகள் கட்டமும் இல்லை.

1.2.1.1 வள்ளியம்மாள். பிறப்பு சித்தார்த்தி (1919-20). அப்பத்தா பெயர். கணவர் தாய்மாமன் ராமலிங்கம், 1.1.4. பிள்ளைகள் அங்கே.

1.2.1.2 சோலைமலை. பிறப்பு 1923. கட்டத்தில்: ‘ரங்கூன். 1942-க்குப் பின் தகவல் இல்லை.’ பெருக்கல் குறி போடவில்லை. ஆகவே இறந்தவர் என்று நாமும் எழுதவில்லை.

1.2.1.3 குருவம்மாள். பிறப்பு பிரபவ (1927-28). கணவர் மாமன் மகன் முத்தையா, 1.1.1.2. பிள்ளைகள் அங்கே.

ஐந்தாம் தலைமுறை

இந்த வரிசை மட்டும் பென்சிலில், வேறு கையெழுத்தில், பிற்பாடு சேர்த்தது. உயிரோடு இருப்பவர்கள் என்பதால் பிறந்த தேதிகளை இந்தப் பிரதியில் எடுத்துவிட்டோம். பெயரும் உறவும் மட்டும் போதும்.

1.1.1.2.1 கருப்பண்ணன். 1, 1.1.1 இருவருக்கும் இதே பெயர் என்பதால் கட்டத்தில் ‘சின்னக் கருப்பு’ என்றும் எழுதியிருக்கிறது.

1.1.1.2.2 ராக்கம்மாள். அடைப்புக்குள் ‘ராணி’. தேடும்போது இரண்டு பெயரையும் போடவும்.

1.1.3.2.1 சுந்தர்.

1.1.3.2.2 தனம்.

1.1.4.1.1 ராமலிங்கம்.

திருத்தம் சொல்கிறவர்கள் பெயரோடு எண்ணையும் சொல்லுங்கள். ‘முத்தையா’ என்று மட்டும் சொன்னால் மூவரில் எவர் என்று தெரியாது. புதிதாகப் பிறந்த பிள்ளையைக் கடைசி எண்ணுக்கு அடுத்துச் சேர்க்கலாம். நடுவில் ஒருவர் விடுபட்டிருந்தது தெரியவந்தாலும் இருக்கிற எண்களை மாற்ற வேண்டாம். அவருக்கும் அடுத்த காலி எண்ணையே கொடுத்து, ‘வயதில் இன்னாருக்கு மூத்தவர்’ என்று எழுதினால் போதும். எண்ணை மாற்றினால் மற்றவர்கள் பதிவில் உள்ள ‘பார்க்க’ எல்லாம் தவறான ஆளிடம் கொண்டுபோய் விடும். மீனாட்சியின் (1.1.4.2) கணவர் பெயரைச் சமயநல்லூர்க் கல்யாணப் பத்திரிகை வைத்திருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.