ஆண்டு விழா வில்லுப்பாட்டு வீடியோ ஏன் காணவில்லை?

வணக்கம் சார். நான் ஏழாம் வகுப்பு பி பிரிவு வேணியின் அம்மா. நம் பள்ளி யூடியூப் சேனலை நீங்கள்தான் பார்த்துக்கொள்வதாக கிளாஸ் டீச்சர் சொல்லி உங்கள் நம்பரைக் கொடுத்தார், அதனால் நேராக உங்களிடமே கேட்டுவிடுகிறேன்.

டிசம்பரில் நடந்த ஆண்டு விழாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வில்லுப்பாட்டு பாடினார்களே, அந்த வீடியோ போன வாரம் வரை சேனலில் இருந்தது, இப்போது இல்லை. பழைய லிங்கைத் தொட்டால் "This video is private" என்று வருகிறது. என் போனில் ஏதோ கோளாறு என்று நினைத்து, அவள் அப்பா போனிலும், கோலிவாடாவில் இருக்கும் என் தங்கை வீட்டு டிவியிலும் போட்டுப் பார்த்தோம், எல்லாவற்றிலும் அதேதான். மற்ற வகுப்புகளின் நடனம், கோலாட்டம், முக்கால் மணி நேர ஆண்டறிக்கை வாசிப்பு எல்லாம் அப்படியே இருக்கிறது. இது ஒன்றுதான் இல்லை.

பெற்றோர் குரூப்பில் கேட்டேன். ஒருவர், பாட்டு காப்பிரைட் பிரச்சினையில் யூடியூபே தூக்கியிருக்கும் என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அப்படித் தூக்கியிருந்தால் காப்பிரைட் என்று அங்கேயே எழுதிக் காட்டும். நீங்கள் அழித்திருந்தால் "removed by the uploader" என்று வந்திருக்கும். private என்று வருகிறதென்றால் சேனலுக்குள் இருந்து யாரோ மாற்றியதாகத்தான் எனக்குப் படுகிறது. அதுவும் போக, இதில் சினிமாப் பாட்டு எதுவும் இல்லையே. தமிழ் டீச்சர் எழுதிக் கொடுத்த கதை, வில்லும் உடுக்கும் குடமும் பிள்ளைகளே அடித்தது. திரை விலகும்போது யாரோ ஸ்பீக்கரில் ஒரு சினிமா இசையைக் கொஞ்ச நேரம் ஓட விட்டார்கள், அதுதான் சிக்கல் என்றால் யூடியூப் ஸ்டுடியோவில் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடலாம், லிங்க் மாறாது.

இன்னொரு காரணமும் இருக்கலாம். யாராவது ஒரு பெற்றோர், என் பிள்ளை முகம் வெளியே தெரிய வேண்டாம் என்று உங்களிடம் கேட்டிருக்கலாம். அப்படியென்றால் எனக்கு அவர்கள் மேல் கோபமே இல்லை, யாரென்றும் சொல்ல வேண்டாம். அது அவர்கள் உரிமை. ஆனால் அந்த ஒரு முகத்தை மட்டும் மங்கலாக்கும் வசதி ஸ்டுடியோவிலேயே இருக்கிறது. ஒருவருக்காக மற்ற பிள்ளைகளுடையதையும் சேர்த்து மூடுவதாக இருந்தால் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வீடியோ போட சம்மதமா என்று படிவம் கொடுத்து எங்களிடம் கையெழுத்து வாங்கினீர்கள், எடுக்கும்போதும் ஒரு மெசேஜ் போட்டால் என்ன?

வேணி அதில் தலைமைப் பாடகி இல்லை. வில்லுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து "ஆமா" போடுகிற பிள்ளை. கேட்பவர்களுக்கு அது சின்ன வேலையாகத் தெரியும், ஆனால் அந்த "ஆமா" ஒரு தாளம் தள்ளி விழுந்தால் பாட்டே நொண்டும், அவள் வீட்டில் குக்கர் விசிலுக்குக்கூட "ஆமா" போட்டுப் பழகினாள். என் மாமியார் அம்பாசமுத்திரத்தில் இருக்கிறார், இடுப்பில் ஆபரேஷன் ஆகி ரயில் ஏற முடியாததால் விழாவுக்கு வரவில்லை. கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர், தாராவியில் பிறந்த பேத்தி பாடுவதை பக்கத்து வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். இப்போது தினமும் போன் போட்டு, "ஏட்டி, பிள்ள படத்த ஏன் எடுத்துட்டாங்க, ஏதும் தப்பா பாடிட்டாளா?" என்று கேட்கிறார். வேணியும் அதையேதான் கேட்கிறாள். தன் "ஆமா" சரியில்லை என்று எடுத்துவிட்டார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு முதலில் தெரிய வேண்டியது காரணம். அது எதுவாக இருந்தாலும் சரி, சொல்லிவிடுங்கள், அவளிடம் அதையே சொல்லிவிடுவேன். அப்புறம், பொதுவில் வைக்க முடியாதென்றால் private-ஐ Unlisted என்று மாற்றிவிடுங்கள், தேடுபவர்களுக்குச் சிக்காது, பழைய லிங்க் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கலாம். அதுவும் முடியாது என்றால் வீடியோ ஃபைலையாவது கொடுங்கள். ஸ்டுடியோவில் டவுன்லோட் செய்யலாம், ஆனால் தரம் குறைந்துவிடும், விழாவுக்கு வந்த கேமராக்காரர் கொடுத்த ஒரிஜினல் உங்களிடம் இருந்தால் அதுதான் நல்லது. சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது பென் டிரைவ் கொண்டு வருகிறேன்.

ஒன்றே ஒன்று, இடம் போதவில்லை என்றோ சேனலை ஒழுங்குபடுத்துகிறோம் என்றோ அதற்குள் அதை ஒரேயடியாக அழித்துவிடாதீர்கள், அழித்தால் திரும்ப எடுக்க முடியாது. நான் காலையில் வேலைக்குப் போய்விடுவேன், மூன்று மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் போன் செய்யுங்கள், வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் போதும்.

நன்றி சார்.
வேணி அம்மா, 7 பி