மேற்கு மாம்பலம் தையல் கடைக்கு ஆட்கள் தேவை: தையல்காரர் ஒருவர், கைவேலைக்கு ஒருவர்

மேற்கு மாம்பலம் ஆரிய கவுடா சாலையை ஒட்டிய குறுக்குத் தெருவில், மாவு மில்லுக்கு மேல் மாடியில் இருக்கும் பெண்கள் தையல் கடைக்கு இரண்டு பேர் வேண்டும். பிளவுஸ், சுடிதார், பாவாடை சட்டை, புடவை ஃபால்ஸ், பீகோ ஆகியவை மட்டும் எடுக்கிறோம். ஆண்களின் சட்டை, பேண்ட் கிடையாது. வெட்டுவது நான். தைக்க இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள். மூன்றாவதாக இருந்தவர் கல்யாணமாகி ஆரணிக்குப் போய்விட்டார். அவர் இடம்தான் காலி. ஆவணி முகூர்த்தத் துணிகள் ஆடியிலேயே வந்து குவியத் தொடங்கிவிட்டன. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து வேலைக்கு வர முடிந்தவர்கள் வாருங்கள்.

தையல்காரர்

மாதச் சம்பளம் 20,000 ரூபாய். மோட்டார் மெஷினில் லைனிங் பிளவுஸ் முழுதாகத் தைக்கத் தெரிந்திருக்க வேண்டும். பிரின்சஸ் கட், பின்பக்கக் கயிறு, பைப்பிங் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து லைனிங் பிளவுஸ் அல்லது எட்டு சாதா பிளவுஸ் என்பது கணக்கு. அதற்கு மேல் தைத்தால் லைனிங் ஒன்றுக்கு 160 ரூபாய், சாதாவுக்கு 100 ரூபாய் சம்பளத்தோடு சேரும். நோட்டில் நீங்களே எழுதுங்கள், மாதக் கடைசியில் சேர்ந்து கூட்டுவோம்.

வேகம் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பருத்தித் துணியில் தையல் பிசகினால் பிரித்து மறுபடி போடலாம். பட்டில் பிரித்தால் ஊசித் துளை அப்படியே நிற்கும். அந்தத் துளையைப் பார்த்துக்கொண்டு எந்தக் கல்யாணப் பெண்ணும் சும்மா இருக்க மாட்டாள். அதனால் பட்டுக்கு ஊசி மாற்றாமல் உட்காருகிறவர், லைனிங் துணியை நனைத்துக் காயவைக்காமலே தைக்கலாம் என்கிறவர், இரண்டு கை பார்டரும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பார்க்காதவர் எனக்குச் சரிப்பட மாட்டார்கள். ஒரு நாளைக்கு நான்குதான் தைப்பேன், ஆனால் ஆல்டரேஷனுக்குத் திரும்பி வராது என்று ஒருவர் சொன்னால், அவரை எடுத்துக்கொண்டு கணக்கைக் குறைப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. உள்தையலில் துணி விடாமல் நறுக்கிவிடும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வருடம் அதே பெண் உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் வந்து நிற்கும்போது, பிரித்துவிட அந்தத் துணிதான் உதவும்.

ஆண், பெண் இருவரும் வரலாம். ஏற்றுமதி நிறுவனத்தில் ஒரே தையலை மட்டும் போட்டுப் பழகியவர்கள் தயங்க வேண்டாம். கை ஓடினால் போதும், பிளவுஸ் முழுதாகப் பொருத்துவதை நான் சொல்லித் தருகிறேன். அப்படி வருகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் 16,000 ரூபாய், பிறகு முழுச் சம்பளம்.

கைவேலைக்கு

மாதம் 13,500 ரூபாய். ஹெம்மிங், கொக்கி கட்டுவது, புடவைக்கு ஃபால்ஸ் தைப்பது, குஞ்சலம், நூல் வெட்டி இஸ்திரி போட்டு மடிப்பது ஆகியவை வேலை. நான் வெட்டிக்கொண்டிருக்கும்போது வருகிறவர்களிடம் துணி வாங்கி ரசீது எழுதவும் வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அளவு பிளவுஸ், புடவை, லைனிங் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ரசீது எண்ணைப் பின் குத்த வேண்டும். அளவு பிளவுஸ் பை மாறினால் இரண்டு வீட்டுப் பிளவுஸும் கெடும். தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அனுபவம் கேட்கவில்லை, கண் பார்வை நன்றாக இருக்க வேண்டும். மெஷின் பழக ஆசை இருந்தால், கை வேலை குறைவாக உள்ள மதிய நேரத்தில் பழைய துணியில் தைத்துப் பழகிக்கொள்ளலாம். அதற்குப் பயிற்சிக் கட்டணம் என்று எதுவும் வாங்குவதில்லை.

நேரமும் விடுமுறையும்

காலை 10 மணி முதல் மாலை 7 மணி வரை. நடுவில் 2 முதல் 3 வரை சாப்பாடு. காலையிலும் மாலையிலும் டீ உண்டு, அது என் செலவு. வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. ஞாயிறு கிடையாது, அலுவலகம் போகும் பெண்கள் துணி கொடுக்கவும் போட்டுப் பார்க்கவும் அன்றுதான் வருவார்கள். பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாளாயிற்றே என்று தோன்றுகிறவர்கள் இதை யோசித்துவிட்டு வாருங்கள், சேர்ந்த பிறகு மாற்ற முடியாது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களும், பொங்கலும் தீபாவளியும் சம்பளத்தோடு விடுமுறை.

தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் 8 மணி வரை வேலை இருக்கும். அந்தக் கூடுதல் மணிக்கு இரட்டைச் சம்பளம்: தையல்காரருக்கு மணிக்கு 195 ரூபாய், கைவேலைக்கு 130 ரூபாய். இரவு முழுக்க உட்கார வைக்கும் வழக்கம் இங்கே இல்லை. முடியாத துணியை நான் வாங்குவதே இல்லை. மார்கழியில் துணி குறைந்தாலும் சம்பளம் குறையாது.

சம்பளம் மாதம் 5ஆம் தேதி, வங்கிக் கணக்கில். ஒரு வருடம் முடித்தவர்களுக்குத் தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ், அதற்குக் குறைவாக இருந்தால் பாதி. தெரியாமல் துணி கெட்டுப்போனால் அதன் விலையைச் சம்பளத்தில் பிடிப்பதில்லை; வாடிக்கையாளரிடம் பேசுவது என் வேலை. ஆனால் கெட்டதை மறைத்து மடித்து வைத்தால் கோபம் வரும். சேரும்போது முன்பணம் தருவதில்லை, மூன்று மாதம் போன பிறகு கேட்கலாம். ஆதார் நகல் மட்டும் வாங்குவேன், அசல் சான்றிதழ் எதையும் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. வயது 18 முடிந்திருக்க வேண்டும்.

கடை சிறியது. ஏசி இல்லை, மூன்று மின்விசிறி உண்டு. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி விளக்கு, முதுகு சாய்கிற நாற்காலி, கடைக்குள்ளேயே கழிப்பறை. மாவு மில் ஓடும் சத்தம் காலையில் கொஞ்சம் இருக்கும், பழகிவிடும்.

வந்து சேர

மாம்பலம் ரயில் நிலையத்தின் மேற்குப் பக்கம் இறங்கினால் நடந்தே வரலாம். தாம்பரம், குரோம்பேட்டை, சைதாப்பேட்டை பக்கமிருந்து வருகிறவர்களுக்கு மின்சார ரயில்தான் வசதி. பெண்களுக்குச் சாதாரண கட்டணப் பேருந்தில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு பெரிதாக இராது. மழைக்காலத்தில் துரைசாமி சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்று தாமதமானால் சம்பளம் பிடிக்க மாட்டேன், ஒரு தகவல் சொன்னால் போதும்.

போனில் பேசி ஆள் எடுப்பதில்லை, தைத்ததைப் பார்த்துத்தான். செவ்வாய் தவிர எந்த நாளும் காலை 11 முதல் 1 மணிக்குள் நேரில் வாருங்கள். அயோத்தியா மண்டபம் அருகே பூ விற்கிறவர்களிடம் ‘மாவு மில் மாடி தையல் கடை’ என்று கேட்டால் காட்டுவார்கள். தையல்காரர்கள் தாங்கள் தைத்த பிளவுஸ் ஒன்றை எடுத்து வாருங்கள். நான் உட்புறத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன். பிடித்திருந்தால் ஒரு நாள் வேலை செய்து பார்க்கலாம். அந்த ஒரு நாளுக்குத் தையல்காரருக்கு 750 ரூபாய், கைவேலைக்கு 500 ரூபாய், சேர்ந்தாலும் சேராவிட்டாலும் அன்று மாலையே கையில் தந்துவிடுவேன். கத்தரிக்கோல் பழகியது வேண்டும் என்றால் சொந்தமாகக் கொண்டு வரலாம், மற்றதெல்லாம் கடையில் இருக்கிறது.