மாரி, பால்காய்ப்புக்கு என்னால் வர முடியாது

அன்புள்ள மாரி,

நீயும் தங்கச்சியும் வீடு தேடி வந்து பத்திரிகை வைத்துவிட்டுப் போன அன்று நான் இல்லாமல் போனேன். ராத்திரி வந்து மஞ்சள் தடவிய அந்தக் கவரைப் பிரித்து, தேதியைப் பார்த்தேன். ஆவணி கடைசி ஞாயிறு. பார்த்ததும் பகீர் என்றது. அதே ஞாயிற்றுக்கிழமை, அதே காலை, ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம் மச்சானின் குலதெய்வக் கோயிலில் என் தங்கச்சி பிள்ளைகள் இரண்டு பேருக்கும் மொட்டை, காதுகுத்து. நான்தான் தாய்மாமன். ஒரே தாய்மாமன்.

அதனால் உன் வீட்டுப் பால்காய்ப்புக்கு என்னால் வர முடியாது.

மூன்று நாளாக இதை உன்னிடம் சொல்லப் போனை எடுத்து எடுத்து வைத்தேன். போனில் பேசினால் உன் குரலைக் கேட்டதும் "பார்க்கலாம்டா, எப்படியும் வந்துடறேன்" என்று வாயில் வந்துவிடும். நீயும் அதை நம்பி வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பாய். அதற்கு இப்படி எழுதிவிடுவதே மேல் என்று தோன்றியது. படித்து முடித்ததும் கூப்பிட்டுத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

உன் பெண்ணுடைய சடங்குக்கு வராதபோது ஆபீசில் ஆடிட் என்று சொன்னேன், ஞாபகம் இருக்கும். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு நான் கொஞ்சம் சண்டை போட்டிருந்தால் லீவு கிடைத்திருக்கும். போடவில்லை. அது என் தப்பு. நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இந்தத் தடவையும் அதே மாதிரி என்று நீ நினைத்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது. ஆடிட்டுக்கு நான் இல்லாவிட்டாலும் இன்னொருவர் பதில் சொல்லியிருப்பார். பிள்ளை உட்கார என் மடிக்குப் பதிலாக இன்னொரு மடி கிடையாது.

இரண்டுக்கும் போக முடியுமா என்று கணக்குப் போட்டும் பார்த்தேன். உனக்குக் காலை நாலரைக்குக் கணபதி ஹோமம், ஆறு மணிக்குப் பால். ஆறே காலுக்குப் பாளையங்கோட்டையில் வண்டியை எடுத்தால்கூட மதுரை, உசிலம்பட்டி தாண்டி 200 கிலோமீட்டருக்குக் குறையாது. என்ன விரட்டினாலும் பத்து மணி ஆகிவிடும். அங்கே எட்டு மணிக்கு மேளத்தோடு தாய்மாமன் சீர் கோயிலுக்குள் நுழைய வேண்டும். சீர்த் தட்டு வந்து மாமன் வரவில்லை என்றால் அந்த ஊரில் என் தங்கச்சி தலை நிமிர முடியாது. உனக்குத் தெரியாததா? உங்கள் பக்கமும் இதே கதைதானே.

வெட்கத்தை விட்டு அவளிடமே கேட்டேன், ஒரு வாரம் தள்ளி வைக்க முடியுமா என்று. மச்சானின் பங்காளிகள் எல்லோரும் சேர்ந்து மூன்று மாதத்துக்கு முன்பே குறித்த நாள். கிடாவுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. இதை விட்டால் புரட்டாசி வந்துவிடும், அப்புறம் கறி எங்கே, விருந்து எங்கே. "அண்ணே, நீ வேணா மாரி அண்ணன்கிட்ட நான் பேசவா?" என்று கேட்டாள். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றுவிட்டேன். உன்னையும் தேதியை மாற்று என்று நான் கேட்க முடியாது. நீயும் புரட்டாசியைத் தாண்டி ஐப்பசிக்குத்தான் போக வேண்டும். அதுவரைக்கும் வாடகை வீட்டில் இருந்துகொண்டு லோனும் கட்டு என்று எந்த வாயால் சொல்வேன்?

பந்தியை நான்தான் பார்த்துக்கொள்வேன் என்று நிலை வைத்த அன்றே உனக்கு வாக்குக் கொடுத்தவன் நான். அதை அந்தரத்தில் விட மாட்டேன். நம் பழைய ரூம்மேட் செல்வத்திடம் நேற்றே பேசிவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிடுகிறான். சமையல்காரரிடம் நான் பேசி வைத்ததை எல்லாம் அவனிடம் சொல்லியிருக்கிறேன். 250 இலை, டிபனுக்கு 200 பேர் கணக்கு. பால் மட்டும் ஒரே இடத்தில் சொல்லாதே. காலை மூன்று மணிக்கு ஒருத்தன் கையை விரித்தால் அடுப்பில் காப்பிக்கு வெறும் தண்ணீர்தான் கொதிக்கும். தயிருக்குச் சனிக்கிழமை ராத்திரியே உறை ஊற்றிவிடச் சொல். செல்வம் நல்லவன்தான், ஆனால் சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டான் என்றால் தன் சொந்தக்காரன் இலையிலேயே நின்றுவிடுவான். அதை மட்டும் பார்த்துக்கொள்.

எனக்கு இதில் பெரிய நஷ்டம் என்ன தெரியுமா? திருவல்லிக்கேணி மேன்ஷனில் 2003-ல் தண்ணீர் இல்லாமல் நாம் பட்ட பாட்டை நினைத்துப் பார். லாரி வந்துவிட்டது என்று யாரோ கத்த, நீ பல் தேய்த்த வாயோடு இரண்டு குடத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓடினாய். வரிசையில் உனக்கு முன்னால் நின்றவரோடு லாரி காலியாகிவிட்டது. நுரை தள்ளிய வாயோடு மேலே வந்து, "ஏலே, நான் வீடு கட்டினா மொதல்ல தொட்டிதாம்ல கட்டுவேன், அதுக்கப்புறந்தான் வீடு" என்றாய். ரூமே சிரித்தது. போன வருஷம் வானம் தோண்டும்போது போட்டோ அனுப்பினாய் பார், வீட்டுக்குத் தோண்டியதைவிடத் தொட்டிக்குத் தோண்டிய குழி ஆழமாக இருந்தது. அதைப் பார்த்து ஆபீசில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாயிரம் லிட்டர்! அந்த வீட்டில் முதல் பால் பொங்கும்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று உன்னைப் போலவே நானும் நினைத்திருந்தேன்.

மொய்க் கவரைச் செல்வத்திடம் கொடுத்து அனுப்ப மாட்டேன். அப்படிச் செய்தால் கணக்கு முடிந்த மாதிரி ஆகிவிடும். விசேஷம் முடிந்து அடுத்து வரும் சனிக்கிழமை மத்தியானம் நானும் உன் மதினியும் பிள்ளைகளும் வருகிறோம். ஒரு ராத்திரி உன் வீட்டில்தான் தங்கல், லாட்ஜ் எல்லாம் கிடையாது. தங்கச்சிக்கு வேலை வைக்க வேண்டாம், விசேஷ வீட்டு அலுப்பே ஒரு வாரம் இருக்கும். வரும்போது மதுரையிலிருந்து சாப்பாடு வாங்கிக்கொண்டே வருகிறோம். அந்தச் சனிக்கிழமை உனக்குத் தோதுப்படாது என்றால் எந்த நாள் என்று நீயே சொல், அன்றைக்கு வருகிறேன். உன் அப்பாவிடம் மட்டும் நான் தனியாகப் போனில் பேசிவிடுகிறேன். "பாண்டி எங்கே?" என்று அவர் பந்தியில் எல்லோர் முன்னாலும் கேட்டு, நீ பதில் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

பால் பொங்கும்போது எனக்கு வீடியோ கால் போடாதே. கோயில் மலையடிவாரத்தில் இருக்கிறது, சிக்னல் ஒரு கோடு வந்தால் அதிசயம். உன் தம்பியை வீடியோ எடுத்து வைக்கச் சொல், சாயங்காலம் ஆண்டிபட்டி வந்ததும் பார்க்கிறேன். தொட்டியையும் மூடியைத் திறந்து ஒன்று எடுக்கச் சொல்.

உன்,
பாண்டி