முதிர்வுத் தொகை தாமதமாக வழங்கப்பட்டமைக்கு வட்டி கோரும் கடிதம்

பதிவுத் தபால்

திருமதி யோகம்மா நல்லதம்பி,
பிரதான வீதி,
கொக்கட்டிச்சோலை,
மட்டக்களப்பு.

2025 மார்ச் 10

முகாமையாளர்,
ஆயுள் காப்புறுதி முதிர்வுக் கொடுப்பனவுப் பிரிவு,
தலைமை அலுவலகம்,
கொழும்பு.

ஊடாக: கிளை முகாமையாளர், மட்டக்களப்பு.

ஐயா / அம்மணி,

விடயம்: 163 நாள் தாமதித்து வழங்கப்பட்ட முதிர்வுத் தொகைக்கு ரூபா 43,541.10 வட்டி கோருதல்

காப்புறுதிப் பத்திர இலக்கம்: 0914-227635
காப்புறுதி வகை: இலாபத்தில் பங்குள்ள சேமிப்பு ஆயுள் காப்புறுதி, 15 ஆண்டு
ஆரம்பத் திகதி: 2009 செப்டெம்பர் 10
முதிர்வுத் திகதி: 2024 செப்டெம்பர் 10
காப்புறுதித் தொகை: ரூபா 500,000
கட்டுப்பணம்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரூபா 6,750
கட்டி முடித்த தவணைகள்: 60 (மொத்தம் ரூபா 405,000)
போனசுடன் முதிர்வுத் தொகை: ரூபா 812,500
என் வங்கிக் கணக்கில் வைப்பிலிட்ட திகதி: 2025 பெப்ரவரி 20

மேற்படி காப்புறுதியின் உரிமையாளர் நான். முதிர்வுத் தொகை கிடைத்துவிட்டது. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் அது ஐந்து மாதத்துக்கு மேல் பிந்தி வந்தது. அந்தக் காலம் முழுவதும் என் பணம் உங்கள் நிறுவனத்திடம் இருந்தது. அதற்குரிய வட்டி ஒரு சதம்கூட சேர்க்கப்படவில்லை. பிந்தியதற்கு என்ன காரணம் என்று ஒரு வரியும் எழுதப்படவில்லை. அதனாலேயே இந்தக் கடிதம்.

முதிர்வு நெருங்குகிறது என்றும், தேவையான ஆவணங்களை முன்கூட்டியே ஒப்படைத்தால் உரிய நாளில் பணம் கிடைக்கும் என்றும் கடந்த ஆண்டு ஜூலை மாதக் கடைசியில் நீங்களே எனக்கு எழுதியிருந்தீர்கள். அதன்படி ஆகஸ்ட் 26ஆம் திகதி மட்டக்களப்புக் கிளைக்கு நேரில் போய், கையொப்பமிட்ட கொடுப்பனவுப் படிவம், மூலக் காப்புறுதிப் பத்திரம், தேசிய அடையாள அட்டையின் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதற்பக்கப் பிரதி ஆகிய நான்கையும் கொடுத்தேன். நான்கின் பெயரையும் எழுதி, பெற்றுக்கொண்டதாகக் கிளையின் முத்திரையும் உத்தியோகத்தரின் கையொப்பமும் இட்ட தாள் என்னிடம் இருக்கிறது. அதன் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். முதிர்வு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே என் பக்கத்து வேலை முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

செப்டெம்பர் 10 கடந்தது. பணம் வரவில்லை. ஒக்டோபர் 3ஆம் திகதி கிளையில் கேட்டபோது, "கொழும்புக்கு அனுப்பியாச்சு அம்மா, இந்தக் கிழமைக்குள்ள வந்திரும்" என்றார்கள். அதை நம்பித் திரும்பினேன். நவம்பர் 12ஆம் திகதியிட்டு உங்கள் பிரிவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் கொடுத்து வாசித்துக் கேட்டேன். மூலப் பத்திரம் கிடைக்கவில்லை, எனவே அது தொலைந்துவிட்டதாகச் சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும், பின்னர் ஏதும் நட்டம் வந்தால் நானே பொறுப்பு என்ற உறுதிமொழியும் தர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நான் தொலைக்காத ஒன்றைத் தொலைத்ததாக எப்படிச் சத்தியம் செய்வது? முத்திரையிட்ட தாளை எடுத்துக்கொண்டு நவம்பர் 18ஆம் திகதி மீண்டும் கிளைக்குப் போனேன். தேடிப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.

டிசம்பர் 17ஆம் திகதி அந்தப் பத்திரம் கிளையிலேயே கிடைத்தது. வேறொருவருடைய கோப்புக்குள் செருகப்பட்டிருந்ததை உங்கள் உத்தியோகத்தரே அலுமாரியிலிருந்து எடுத்து என் கண்முன் மேசையில் வைத்தார். அது என்னுடையதுதான் என்பதில் எனக்கு ஐயம் வரவில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது நனைந்து, கீழ் மூலையில் தேத்தண்ணீர் நிறத்தில் கறை படிந்த பத்திரம் அது. கறை படிந்த இடத்தில் இலக்கம் மங்கியதால் என் கணவர் நீலப் பேனையால் மேலே எழுதியிருந்தார். அவருடைய எழுத்தும் அப்படியே இருந்தது. ஆகஸ்ட் 26 முதல் அன்றுவரை அது உங்கள் கட்டடத்தை விட்டு வெளியே போகவே இல்லை.

அதற்குப் பிறகாவது பணம் வந்திருக்க வேண்டும். பத்திரம் கையில் கிடைத்த பிறகும் இரண்டு மாதம் போயிற்று. 2025 ஜனவரி 9ஆம் திகதிக் கடிதத்தில், "நாட்டில் நிலவிய அசாதாரண காலநிலை காரணமாக" கொடுப்பனவு தாமதமாகிறது என்று குறிப்பிட்டிருந்தீர்கள். நவம்பர் கடைசியில் கிழக்கில் பெய்த மழையையும் வெள்ளத்தையும் நாங்கள் பத்திரிகையில் பார்க்கவில்லை, வாசலில் பார்த்தோம். அந்த நாட்களில் கிளை இயங்கவில்லை என்று சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் வெள்ளம் வந்தபோது என் பணம் ஏற்கெனவே இரண்டரை மாதம் பிந்தியிருந்தது. செப்டெம்பரில் செய்திருக்க வேண்டிய கொடுப்பனவுக்கு நவம்பர் மழை காரணமாகாது. பத்திரம் தவறான கோப்புக்குள் போனதற்கும் மழை காரணமல்ல.

இந்தப் பணத்தை எதற்காக எதிர்பார்த்திருந்தேன் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். எனக்குச் சீதனமாக வந்த வயலில் நாங்கள் முன்மாரி வேளாண்மை செய்கிறோம். ஒக்டோபர் பிறந்தால் உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் கையில் காசு வேண்டும். விதைப்பு யாருக்காகவும் காத்திருக்காது. செப்டெம்பரில் உங்கள் பணம் வரும் என்றிருந்த நான், ஒக்டோபர் 7ஆம் திகதி மகளுடைய நகையை வங்கியில் அடகு வைத்து ரூபா 300,000 எடுத்தேன். உங்கள் பணம் வந்த பிறகு, பெப்ரவரி 24ஆம் திகதி அதை மீட்டேன். அதற்கு வட்டியாக மட்டும் ரூபா 14,958 கட்டினேன். இந்தத் தொகையை நான் தனியாகக் கோரவில்லை. கீழே கேட்கும் வட்டி நியாயமானது என்பதற்கு ஆதாரமாகவே அடகுப் பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்துள்ளேன்.

வட்டி வீதத்தை நானாக நிர்ணயிக்கவில்லை. அது உங்கள் நிறுவனம் என்னிடம் அறவிட்ட வீதம். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டு நேரத்தில், கொக்கட்டிச்சோலையிலிருந்து நகருக்குப் போக வாகனம் கிடைக்காமல், ஜூன் 10ஆம் திகதித் தவணையை என்னால் உரிய நேரத்தில் கட்ட முடியவில்லை. செப்டெம்பர் 12ஆம் திகதி, அந்தத் தவணையையும் செப்டெம்பர்த் தவணையையும் சேர்த்துக் கட்டினேன். ஜூன் தவணை 94 நாள் பிந்தியதற்காக ஆண்டுக்கு 12 வீதப்படி ரூபா 208.60 மேலதிகமாக எடுத்தீர்கள். பற்றுச்சீட்டில் வட்டி என்றே அச்சாகியிருக்கிறது. நாட்டில் பெற்றோல் இல்லாததற்கு நான் பொறுப்பல்ல என்று அன்றைக்கு நான் வாதாடவில்லை. தவணை பிந்தியது, வட்டி கேட்டார்கள், கட்டினேன். அதே 12 வீதத்தை, அதே நாட்கணக்கில், இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

கணக்கு வருமாறு:

முதிர்வுத் தொகை ரூபா 812,500
ஓராண்டுக்கு 12 வீத வட்டி ரூபா 97,500
2024 செப்டெம்பர் 10 முதல் 2025 பெப்ரவரி 20 வரை 163 நாள்
97,500 × 163 ÷ 365 = ரூபா 43,541.10

இந்தத் தொகை எனக்குச் சேர வேண்டியது. வெள்ள நாட்களைக் கழித்துத் தருகிறோம் என்று நீங்கள் எழுதினால், அதை ஏற்க முடியாததற்குக் காரணம் மேலே சொல்லிவிட்டேன். உரிய நாளில் தந்திருந்தால் வெள்ளம் வரும்போது பணம் என் கணக்கில் இருந்திருக்கும்.

பதினைந்து வருடமாக இந்தக் காப்புறுதியைக் கைவிடாமல் கொண்டுவந்திருக்கிறேன். தொடங்கிய காலத்தில் மண்முனைப் பாலம் இல்லை. 2014இல் பாலம் திறக்கும்வரை பாதைப் படகில் ஏறி வாவியைக் கடந்துதான் கட்டுப்பணம் கட்டினேன். காற்று பலமென்றால் பாதை ஓடாது, துறையில் காத்திருக்க வேண்டும். அப்படிக் கட்டிய காசு இது. எங்கள் படுவான்கரைப் பக்கத்தில் என்னைப் பார்த்துக் காப்புறுதி எடுத்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பத்திரங்களும் வரும் ஆண்டுகளில் முதிர்வடையும்.

ஆகவே பின்வருவனவற்றைச் செய்து தருமாறு கேட்கிறேன். முதலாவது, ரூபா 43,541.10 வட்டித் தொகையை முதிர்வுத் தொகை வைப்பிலிட்ட அதே வங்கிக் கணக்கில், இக்கடிதம் கிடைத்து 21 நாட்களுக்குள் வைப்பிலிட வேண்டும். இரண்டாவது, ரூபா 812,500 எப்படி வந்தது என்பதை, ஆண்டுவாரியாகச் சேர்த்த போனசுடன் எழுத்தில் தர வேண்டும். இதுவரை எனக்கு மொத்தத் தொகை மட்டுமே தெரியும். மூன்றாவது, பத்திரம் தொலைந்ததாக என்னிடம் சத்தியக்கடதாசி கேட்ட நவம்பர் 12ஆம் திகதிக் கடிதத்தை மீளப்பெற்றுக்கொண்டதாக அறிவிக்க வேண்டும். நான் எதையும் தொலைத்தவள் என்று என் கோப்பில் பதிவு இருக்கக்கூடாது. பதில் கடிதம் தமிழில் இருக்க வேண்டும்.

குறித்த நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வட்டி மறுக்கப்பட்டாலோ, இந்தக் கடிதத்தையும் இணைப்புகளையும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமும், 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிக் கைத்தொழில் ஒழுங்குபடுத்தல் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் முறைப்பாடாகக் கையளிப்பேன். அவர்களிடம் போக முன்பு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்பதே முறை என்பதால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

கிளையில் பத்திரத்தைத் தேடி எடுத்துத் தந்த உத்தியோகத்தர் மீது எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. அவர் தன் மதிய இடைவேளையில் அலுமாரியைக் கிளறித் தேடினார். இந்தக் கடிதத்தால் அவருக்கு ஒரு தொல்லையும் வரக்கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,

யோ. நல்லதம்பி
(திருமதி யோகம்மா நல்லதம்பி)

இணைப்புகள்:
2024 ஆகஸ்ட் 26 ஆவணங்களைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட தாளின் பிரதி
2024 நவம்பர் 12, 2025 ஜனவரி 9 ஆகிய திகதிகளில் உங்களிடமிருந்து வந்த கடிதங்களின் பிரதிகள்
2022 செப்டெம்பர் 12 கட்டுப்பணமும் வட்டியும் கட்டிய பற்றுச்சீட்டின் பிரதி
நகை அடகு வைத்ததற்கும் மீட்டதற்குமான பற்றுச்சீட்டுகளின் பிரதிகள்
2025 பெப்ரவரி 20 வைப்பைக் காட்டும் வங்கிப் புத்தகப் பக்கத்தின் பிரதி