பொருள்: கஸ்டம்ஸில் ஒரு நாள் மிச்சமானால் உங்களுக்கு என்ன மிச்சம்?

அன்புள்ள ஏற்றுமதியாளர்களுக்கு,

வணக்கம்.

"சரக்கு இப்போது எங்கே இருக்கிறது?" எங்களுக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். "துறைமுகத்துக்குப் போய்விட்டது, கஸ்டம்ஸ் இன்னும் விடவில்லை" என்பதுதான் பதில் என்றால், அதைக் கேட்டுவிட்டு நீங்கள் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கப் போவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். பெரிய நிறுவனத்துக்கு அது நூறு கன்டெய்னர்களில் ஒன்று. உங்களுக்கோ பல சமயம் அந்த மாதத்தின் வருமானமே அந்த ஒரு கன்டெய்னரில் இருக்கிறது.

அதனால் அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒரு புதிய ஏற்பாட்டைத் தொடங்குகிறோம். சரக்கு உங்கள் கிடங்கை விட்டுக் கிளம்பும் முன்பே உங்கள் ஆவணங்களைச் சரிபார்த்துத் தருவோம். இதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஏன் இதைச் செய்கிறோம், உங்களுக்கு இதில் என்ன லாபம் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம்.

கப்பல் கட்டணத்தில் எவ்வளவு குறைக்கலாம் என்று எல்லோரும் பேரம் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் சிறு ஏற்றுமதியாளரின் லாபத்தை அதிகம் அரிப்பது தாமதம். ஏற்றும் துறைமுகத்தில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கட்-ஆஃப் நேரம் உண்டு. அதற்குள் கஸ்டம்ஸ் அனுமதி கிடைத்து, கன்டெய்னர் டெர்மினலுக்குள் போயிருக்க வேண்டும். இன்வாய்ஸில் ஒரு எடை, பேக்கிங் லிஸ்டில் வேறொரு எடை. திருத்த இரண்டு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் கட்-ஆஃப் போய்விட்டால், அடுத்த கப்பலுக்குத்தான் இடம். பல தடங்களில் வாரத்துக்கு ஒரு கப்பல்தான். ஆக, இரண்டு மணி நேர வேலை ஏழு நாள் தாமதமாகிவிடுகிறது. அந்த ஏழு நாளுக்கும் கிடங்கு வாடகை உண்டு. லாரி வெளியே நின்றால் அதற்கும் காத்திருப்புக் கூலி உண்டு.

இவை பில்லில் தெரிகிற செலவுகள். தெரியாத செலவு ஒன்று இருக்கிறது, அது இவற்றைவிடப் பெரியது. "பில் ஆஃப் லேடிங் தேதியிலிருந்து 30 நாளில் பணம்" என்று வாங்குபவரோடு ஒப்பந்தம் போட்டிருப்பீர்கள். கப்பல் ஒரு வாரம் தள்ளினால் அந்தத் தேதியும் ஒரு வாரம் தள்ளும், பணமும் தள்ளும். மூலப்பொருள் கொடுத்தவருக்கும் வேலையாட்களுக்கும் வங்கிக்கும் மட்டும் எந்தத் தேதியும் தள்ளாது.

எல்.சி. மூலம் வியாபாரம் செய்பவர்களுக்கு இது இன்னும் கடுமை. எல்.சி.யில் சரக்கு ஏற்றக் கடைசித் தேதி என்று ஒன்று இருந்து, அது ஒரு நாள் தாண்டினாலும் வங்கி அதை முரண்பாடாகக் குறித்துவிடும். பிறகு வாங்குபவர் சம்மதித்தால்தான் பணம். சந்தையில் விலை இறங்கியிருந்தால் அவர் அந்தச் சம்மதத்துக்கே தள்ளுபடி கேட்பார். யு.சி.பி. 600 விதிகளின்படி, எல்.சி.யில் வேறு கெடு சொல்லப்படாவிட்டால், சரக்கு ஏற்றிய 21 நாளுக்குள், எல்.சி. காலாவதியாகும் முன்பே, ஆவணங்களை வங்கியில் கொடுத்தாக வேண்டும். தொடக்கத்திலேயே நாட்களை இழந்தவர் இங்கே வந்து தடுமாறுகிறார்.

இறங்கும் துறைமுகத்தில் டெமரேஜும் டிடென்ஷனும் காத்திருக்கின்றன. இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். இலவச நாட்கள் முடிந்த பிறகும் சரக்கோடு கன்டெய்னர் டெர்மினலிலேயே கிடந்தால் டெமரேஜ். கன்டெய்னரை வெளியே எடுத்துப் போய், காலியாகத் திருப்பித் தரத் தாமதித்தால் டிடென்ஷன். இரண்டுக்கும் பெரும்பாலும் படிக்கட்டு விகிதம்தான், நாளாக ஆக ஒரு நாளுக்கான தொகை ஏறும். டி.டி.பி. முறையில் விற்றிருந்தால் இறக்குமதி அனுமதியும் உங்கள் பொறுப்பு, அதனால் இந்தச் செலவு நேரே உங்கள் தலையில் விழும். எஃப்.ஓ.பி.யிலோ சி.ஐ.எஃப்.பிலோ விற்றிருந்தால் வாங்குபவர் கட்டுவார். ஆனால் தாமதத்துக்கு உங்கள் இன்வாய்ஸ்தான் காரணம் என்று தெரிந்தால், அடுத்த பில்லில் அதைக் கழித்துக்கொள்வார், அல்லது அடுத்த ஆர்டரை வேறு ஒருவருக்குக் கொடுப்பார். இரண்டாவதுதான் அதிக நஷ்டம்.

உங்களில் பலர் முழு கன்டெய்னர் எடுப்பதில்லை. எல்.சி.எல்.லில், மற்றவர்களின் சரக்கோடு சேர்த்து அனுப்புகிறீர்கள். இதில் ஒரு விஷயத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. ஒரே கன்டெய்னரில் எட்டுப் பேரின் சரக்கு இருந்து, அதில் ஒருவரின் சரக்கைச் சோதிக்க வேண்டுமென்று கஸ்டம்ஸ் நிறுத்தினால், மற்ற ஏழு பேரின் சரக்கும் அங்கேயே நிற்கலாம். உங்கள் பக்கம் எல்லாம் சுத்தமாக இருந்தும் நீங்கள் காத்திருக்க வேண்டிவரும். அதனால்தான் இந்த ஏற்பாட்டை விரும்புகிறவர்களுக்கு மட்டும் என்று வைக்காமல், எங்கள் எல்.சி.எல். சரக்கு அனைத்துக்கும் கட்டாயமாக்குகிறோம். ஆவணம் சரிபார்க்கப்படாத சரக்கு உங்கள் சரக்கோடு ஒரே பெட்டியில் ஏறாது. சிலருக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். பக்கத்துச் சரக்கின் பிழைக்காக நீங்கள் பணம் கட்டுவதைவிட இது நியாயம் என்று நினைக்கிறோம்.

சரி, கஸ்டம்ஸ் எதைப் பார்த்து ஒரு சரக்கை நிறுத்துகிறது? எல்லாப் பெட்டிகளையும் திறந்து பார்க்க எந்த நாட்டிலும் ஆளும் நேரமும் இல்லை. அதனால் பெரும்பாலான நாடுகளில், தாக்கலாகும் விவரங்களைக் கணினி எடைபோட்டு, எதை உடனே விடலாம், எதன் ஆவணங்களைப் பார்க்க வேண்டும், எதைத் திறந்து சோதிக்க வேண்டும் என்று பிரிக்கிறது. தெளிவில்லாத விவரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத எண்களும் உங்கள் சரக்கைத் தேவையில்லாமல் சோதனைப் பக்கம் தள்ளும்.

நாங்கள் அடிக்கடி பார்க்கிற பிழைகளில் முதலாவது பொருள் விவரம். "உதிரி பாகங்கள்", "மாதிரிகள்", "பரிசுப் பொருட்கள்" என்று எழுதினால் அதிகாரிக்கு எதுவும் புரியாது. "துருப்பிடிக்காத எஃகுச் சமையல் பாத்திரம், மூடியுடன், வீட்டு உபயோகம்" என்று எழுதினால் எதனால் ஆனது, எதற்கானது என்று உடனே தெரியும், எச்.எஸ். கோடும் அதோடு பொருந்துகிறதா என்று பார்க்கலாம். அந்தக் கோட்டில் முதல் ஆறு இலக்கங்கள்தான் உலகம் முழுவதும் பொது. அதற்கு மேல் வருபவை ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு. எனவே உங்கள் நாட்டுக் கோட்டை அப்படியே வாங்குபவருக்கு அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள், அவர் எந்தக் கோட்டில் தாக்கல் செய்யப்போகிறார் என்று முன்பே கேளுங்கள். பழைய இன்வாய்ஸைத் தேதி மட்டும் மாற்றி அனுப்புபவர்களுக்கு இன்னொன்று: எச்.எஸ். கோடுகளில் இப்போது நடப்பில் இருப்பது 2022 பதிப்பு, அடுத்தது 2028 ஜனவரி 1 முதல் வருகிறது. அப்போது சில பொருட்களின் கோடு மாறும்.

இலவச மாதிரிகளுக்கு மதிப்பு பூஜ்யம் என்று போடுவது இன்னொரு பிழை. நீங்கள் பணம் வாங்காவிட்டாலும் பொருளுக்கு ஒரு மதிப்பு உண்டு. அதை எழுதி, சுங்கத் தேவைக்காக மட்டும் என்று குறிப்பிட வேண்டும். மரப் பலகையிலோ மரப் பெட்டியிலோ அனுப்பினால், ஐ.எஸ்.பி.எம். 15 விதிப்படி பதப்படுத்திய முத்திரை அதில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரு பலகைக்காக முழுச் சரக்கையும் திருப்பி அனுப்பும் நாடுகள் உண்டு. கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடை தராவிட்டால், 2016 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள விதியின்படி அது கப்பலில் ஏறாது. பிறப்பிடச் சான்றிதழில் உள்ள பெயரும் முகவரியும் இன்வாய்ஸில் உள்ளபடியே இருக்கட்டும். ஒரு எழுத்து மாறியதால் வரிச் சலுகை கைவிட்டுப் போவதும் நடக்கிறது.

நல்ல செய்தியும் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமை ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22 அன்று நடப்புக்கு வந்தது. சரக்கு வந்து சேரும் முன்பே ஆவணங்களைத் தாக்கல் செய்து பரிசீலனையைத் தொடங்க வழி செய்ய வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. கப்பல் கடலில் இருக்கும்போதே மறுபக்கத்தில் வேலை முடியலாம். அதற்கு வாங்குபவரின் புரோக்கர் கையில் சரியான ஆவணங்கள் முன்கூட்டியே இருக்க வேண்டும். கப்பல் கிளம்பிய இரண்டு வேலை நாளுக்குள் அவற்றின் நகலை இனி நாங்களே அவருக்கு அனுப்பிவிடுவோம்.

எங்களால் தர முடியாத உறுதியையும் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் சில சரக்குகள் சோதனைக்குப் போகும். அது கஸ்டம்ஸின் வேலை. "உள்ளே எனக்கு ஆள் இருக்கிறது, முடித்துத் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அவரிடம் சரக்கைக் கொடுக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் கறை படிவது ஏற்றுமதியாளரான உங்கள் பெயரில்தான். எங்களால் முடிந்தது, தவிர்க்கக்கூடிய நிறுத்தங்களைத் தவிர்ப்பதும், தவிர்க்க முடியாதவற்றை விரைவாக முடிப்பதும்.

அந்த விரைவுக்கு உங்கள் உதவி வேண்டும். கஸ்டம்ஸ் கேள்விகள் பல எளியவை. ஒரு கேட்லாக் பக்கம், ஒரு புகைப்படம், எதனால் செய்தது என்ற விளக்கம், இவ்வளவுதான் கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியவரின் போன் அணைந்திருந்தால் அன்றைய நாள் போய்விடும். தாக்கல் நாளன்று போனை எடுக்க ஒருவரை வைத்திருங்கள். நாங்களும் தாக்கல் ஆனதும், அனுமதி கிடைத்ததும், கப்பலில் ஏறியதும் நீங்கள் கேட்காமலே செய்தி அனுப்புவோம். கேள்வி வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் கூப்பிட்டு, என்ன கேட்கிறார்கள், என்ன அனுப்ப வேண்டும் என்று சொல்வோம்.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். அடுத்த சரக்கை எடுக்க வரச் சொல்லும் நாளுக்கு நான்கு வேலை நாள் முன்பு, இன்வாய்ஸ் வரைவையும் பேக்கிங் லிஸ்டையும் பொருளின் ஒரு புகைப்படத்தையும் இந்த மின்னஞ்சலுக்கே பதிலாக அனுப்புங்கள். எல்.சி. இருந்தால் அதன் நகலும் வேண்டும். அடுத்த வேலை நாள் முடிவதற்குள், எதை எப்படித் திருத்த வேண்டும் என்று குறித்துத் திருப்பி அனுப்புவோம். புதிய பொருள் அல்லது புதிய நாடு என்றால் இன்னும் ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். உரிமம், பரிசோதனைச் சான்று ஏதாவது தேவைப்பட்டால் வாங்க நேரம் இருக்கும்.

அன்புடன்,
ஏற்றுமதி ஆவணப் பிரிவு

பி.கு.: இந்த மாதமே சரக்கு அனுப்புகிறவர்கள் அடுத்த மாதம் வரை காத்திருக்க வேண்டாம். வரைவை இப்போதே அனுப்புங்கள், பார்த்துத் தருகிறோம்.