மூன்றாம் மாடியின் வாழ்த்து

புதுமனை புகுவிழா
செம்பூர், மும்பை

304ஆம் எண் வீட்டுக்கு வந்திருக்கும் அண்ணனுக்கும் அண்ணிக்கும், பாட்டிக்கும், பிள்ளைகள் இருவருக்கும்

மாவிலைத் தோரணம் வாசலில் ஆட,
மாக்கோலம் நடுவே விளக்கொளி ஆட,
தைவெள்ளி விடியலில் தாழ்திறந் தோரே,
தளத்தினர் எல்லாம் சூழநின் றோமே!
பொங்கிய பால்நுரை கிழக்கே வழிந்தது;
பூரித்துப் பாட்டியின் கைகள் குவிந்தன.

சாமிப் படம் முதலில் வந்தது,
நிறைகுடம் வந்தது,
உப்பும் மஞ்சளும் துவரம் பருப்பும்
தாம்பாளத்தில் வந்தன.
லிப்ட் இருந்தும் அதில் ஏறாமல்
பித்தளைக் குத்துவிளக்கை மார்போடு அணைத்தபடி
மூன்று மாடியும் படியேறி வந்தார் அண்ணி.
திரியின் நுனியில் எண்ணெய் இன்னும் ஈரமாக இருந்தது.
வழிவிட்டு நின்ற எங்களுக்கும்
கண் நிறைந்துவிட்டது.

இந்த நகரத்தில் வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும்,
11 மாத ஒப்பந்தம் என்றால் என்னவென்று.
பாத்திரம் கட்டி, பரணை ஒழித்து,
பிள்ளைகளின் பள்ளிக்கு அருகே இன்னொரு வீடு தேடி...
காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடிக்கவும்
வீட்டுக்காரரின் அனுமதிக்குக் காத்திருந்த காலம்
இன்றோடு போயிற்று.
அடியுங்கள் அண்ணா, ஆணியை அடியுங்கள்!
தாத்தாவின் படத்துக்கு ஒன்று,
முருகன் காலண்டருக்கு ஒன்று,
சின்னவன் வரைந்த ரயிலுக்கு ஒன்று.
ஏணி 302இல் இருக்கிறது.
சத்தம் கேட்டதும் சுத்தியலோடு வந்துவிடுவோம்.

அள்ள அள்ள அரிசி நிறைக!
அடுப்படி நாளும் நெய்ம்மணம் கமழ்க!
பிள்ளைகள் படிப்பு பெரிதாய் ஓங்குக!
பெற்றவர் உழைப்பு பொன்னாய் விளைக!
மாதத் தவணைகள் தடையின்றித் தீர்க!
வங்கியில் இருக்கும் பத்திரம் ஒருநாள்
வீடுவந்து பீரோவில் ஏறுக!
முழங்கால் வலிநீங்கி, செடா நகர்க் குன்றின்
முருகனைப் பாட்டி படியேறிக் காண்க!
ஊரில் இருந்து உறவினர் வந்தால்
ஓரம் ஒதுங்காமல் பாய்விரிக்க இடமாகுக!
ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி,
நாலுபேர் மெச்ச நலமாய் வாழ்க!

ஆனி பிறந்தால் இங்கே மழை இறங்கிவிடும்.
குர்லாவில் தண்டவாளம் மூழ்கி
ஹார்பர் ரயில் நின்றுவிடும் மாலைகள் வரும்.
வடாலாவில் சிக்கிக்கொண்டால்
பதற வேண்டாம் அண்ணா.
பள்ளி வேனிலிருந்து பிள்ளைகளை இறக்கி,
தலை துவட்டி, ரசம் சோறு கொடுத்து,
வீட்டுப்பாடமும் எழுத வைத்திருப்போம்.
நீங்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் சரி.

301இல் மராத்தி ஆஜி இருக்கிறார்.
பூரண்போளி செய்தால் முதல் தட்டு இனி உங்களுக்குத்தான்.
303 பாலக்காட்டு மாமியின் மோர்க்குழம்பு
கிண்ணத்தில் வரும்.
கிண்ணம் வெறுமையாகத் திரும்புவது
இந்த மாடியில் வழக்கமில்லை;
ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம்.
ஆவணிச் சதுர்த்திக்கு
மோதகமும் கொழுக்கட்டையும் ஒரே தட்டில் இருக்கும்.
புரட்டாசியில் 302இல் கொலு;
அண்ணி வந்து பாட வேண்டும்.
தீபாவளிக்கு எல்லா வாசலிலும்
ஆகாச விளக்கு கட்டுவோம்.
இந்த ஆண்டு நான்காவது விளக்கு உங்களுடையது.

மாற்றுச் சாவி ஒன்றை மாமியிடம் கொடுத்து வையுங்கள்.
தயிருக்கு உறைமோர் எடுத்து வைத்திருக்கிறார்;
பால் ஆறியதும் கதவைத் தட்டுங்கள்.
விடியற்காலையிலிருந்து நிற்கிறீர்கள்,
இன்று இரவு அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம்.
302இல் எட்டரை மணிக்கு இலை போடுகிறோம்.
பாட்டிக்கு இட்லியும் வேகும்.
ஐந்து பேரும் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
301, 302, 303 வீட்டார்