சனி, ஞாயிறு பயணம்: என் திட்டம் இதுதான்

அக்கா,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். இரண்டு நாளில் 11 இடம், அதில் மூன்று காட்சிமுனை! நான் கேட்டது ஏரிக்கரையில் நிழலாக ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். இரண்டையும் கலந்து, ஆறு இடம் பார்த்து நடுநடுவே உட்காரலாம் என்று போட்டுப் பார்த்தேன். உனக்கும் போதாது, எனக்கும் மூச்சு வாங்கும். அதனால் பிரித்துவிட்டேன். காலைப் பொழுது அவரவர் பாடு. மாலையும் இரவுச் சாப்பாடும் சேர்ந்து.

முதலில் காசு. ஆளுக்குச் சமமாகப் போட்டு ஒரு பொதுப்பணம். அதைப் பத்துப் பங்காக வைத்தால் ரயிலுக்கு நான்கு, அறைக்கு மூன்று, சேர்ந்து சாப்பிடும் வேளைகளுக்கு இரண்டு. மீதி ஒன்றைத் தொடக்கூடாது. மழை பெய்தாலோ ரயில் தாமதமானாலோ டாக்ஸிக்கு அதுதான். நுழைவுக் கட்டணம், படகு, பஸ், இடையில் குடிக்கும் டீ எல்லாம் அவரவர் பையிலிருந்து. நீ ஏறும் ஒவ்வொரு கோபுரத்துக்கும் நான் பாதி கொடுக்க வேண்டாம், நான் மூன்று டீ குடித்தால் நீ கணக்குக் கேட்கவும் வேண்டாம்.

ஒரே அறை, தனித்தனிக் கட்டில். ஏரி தெரியும் அறையை விட்டுவிட்டேன். ஏரிக்குத்தான் நேரிலேயே போகிறோமே. ஊருக்கு வெளியே இதைவிட மலிவாக ஒன்று இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் டாக்ஸி பிடித்தே வர வேண்டும், மிச்சப்பட்டதெல்லாம் அதில் போய்விடும். இது ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரம். ஒரு வேண்டுகோள்: அலாரம் வைக்காதே, போனை வைப்ரேட்டில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள். காலை உடுப்பை இரவே எடுத்து வெளியே வை. விடியாத நேரத்தில் நீ பிளாஸ்டிக் கவரைப் பிரிக்கும் அந்தச் சரசரப்புக்கு அலாரமே தேவலை.

சனிக்கிழமை காலை 6 மணி ரயில், 9.10க்குப் போய்ச் சேரும். அறை 2 மணிக்குத்தான் கிடைக்கும். பையை வரவேற்பில் வைத்துக்கொள்வார்களா என்று கேட்டேன், சரி என்றார்கள். நீ அப்படியே கோட்டைக்குக் கிளம்பலாம். பஸ்ஸுக்கு ஒரு நாள் பாஸ் எடுத்துக்கொள். நான்கு தனி டிக்கெட்டின் விலைதான், உன் பட்டியல்படி அன்றைக்கு ஆறு முறை ஏறுகிறாய். ஞாயிற்றுக்கிழமை இரண்டு முறைதான், அதற்குப் பாஸ் வேண்டாம். எனக்கு இரண்டு நாளும் வேண்டாம், ஏரி வரை நடந்துவிடுவேன்.

மாலை 5 மணிக்கு ஏரிக்கரைப் படித்துறையில் சந்திப்போம். 5 என்றால் 5தான். "இன்னும் ஒரே ஒரு இடம்" என்ற மெசேஜ் வரக்கூடாது. அதற்குப் பதிலாக நானும் ஒரு மலை ஏறுகிறேன்: கிழக்குக் காட்சிமுனை, ஞாயிறு காலை, ஆனால் சூரியன் வந்த பிறகு. சூரிய உதயத்துக்கு நீ தனியாகப் போய்விட்டு வா. அதற்குக் கட்டணமும் இல்லை.

ஞாயிறு 11க்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அருங்காட்சியகம் அன்றைக்கு 2 மணிக்கு மேல் இலவசம், அதனால் உன் பட்டியலில் காலையில் இருந்ததை மதியத்துக்குத் தள்ளியிருக்கிறேன். அங்கே நானும் வருகிறேன், உள்ளே நிறைய நாற்காலிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கூடத்திலும் எல்லா எழுத்தையும் நீ படித்து முடிக்கும் வரை என்னைத் தேடாதே.

திரும்புவதில்தான் நமக்குள் சண்டை வரும் என்று தெரியும். உனக்கு 8.15 ரயில் பிடிக்கும், இரண்டரை மணி நேரம் கூடுதலாகச் சுற்றலாம், டிக்கெட்டும் குறைவு. ஆனால் அது வந்து சேரும் நேரத்தில் இங்கே பஸ் இருக்காது. வீட்டுக்கு டாக்ஸி பிடித்தால் டிக்கெட்டில் மிச்சமானதற்கு மேலே போகும், தொடாமல் வைத்த பங்கும் அதிலேயே கரையும். அதனால் 5.40. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

அறைக்கு இரண்டு விலை காட்டுகிறது. ரத்து செய்தால் பணம் திரும்பாத விலை கொஞ்சம் மலிவு. உனக்கு அலுவலகத்தில் கடைசி நேரத்தில் ஏதாவது வரும் என்பதால் திரும்பக் கிடைக்கிற விலையிலேயே போடலாம் என்று நினைக்கிறேன். லீவு உறுதி என்று நீ சொன்னால் மற்றதைப் போடுகிறேன், அந்த வித்தியாசம் சாப்பாட்டுப் பங்குக்குப் போகட்டும். புதன் இரவுக்குள் சொல், வியாழக்கிழமை காலையில் ரயிலையும் சேர்த்துப் போட்டுவிடுகிறேன். உன் பாதியை அதற்கு முன்னால் அனுப்பு.